வாடகை நாலு நாள் தள்ளி வரும் என்று இந்தியில் சொல்ல

தில்லிக்கு வேலைக்கு வந்து வாடகை அறையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தி காதில் விழுந்தால் புரிந்துவிடும். வீட்டுக்காரருக்கு நாலு வரி எழுத வேண்டும் என்றால்தான் கை நின்றுவிடும். உடனே பக்கத்து அறையில் கொஞ்சம் இந்தி தெரிந்தவர் யார் என்று தேடுவார்கள். அப்படித் தேடப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கரோல்பாக், முனிர்க்கா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதங்களை நெடுநாள் எழுதிக் கொடுத்தவன் நான். எங்கே பிசகும் என்று தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

கையில் ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு பேசினால்தான் விளங்கும். முனிர்க்காவில் ஓர் அறை. இருப்பவன் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன். வாடகை மாதம் பிறந்து ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். இந்த மாதம் சம்பளம் வரவில்லை. அவன் தமிழில் எழுதிக் கொண்டுவந்தது இது:

"ஐயா வணக்கம். இந்த மாசம் சம்பளம் வர லேட் ஆகுது. அஞ்சாம் தேதி வாடகை கொடுக்க முடியாது. பத்தாம் தேதிக்குள்ள கொடுத்துடுறேன். கொஞ்சம் அவகாசம் குடுங்க. சங்கடத்துக்கு மன்னிக்கணும்."

தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. பணிவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, தேதி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லுக்குச் சொல் இந்தியாக்கினால் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் இடறும். இந்தி வரிகளை உங்கள் வசதிக்காகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அனுப்பும்போது தேவநாகரியிலோ, அந்த வீட்டுக்காரர் வாட்ஸப்பில் எந்த எழுத்தில் எழுதுகிறாரோ அதிலோ அனுப்புங்கள்.

1. பேனாவை எடுக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

எந்த மாத வாடகை? தில்லியில் பெரும்பாலும் அந்த மாதத்து வாடகையை மாதத் தொடக்கத்திலேயே வாங்குவார்கள். சில வீடுகளில் மாதம் முடிந்த பிறகு. 'இந்த மாத வாடகை' என்று மட்டும் எழுதினால் இருவர் மனதிலும் இரண்டு மாதம் ஓடலாம். ஆகவே மாதத்தின் பெயரைக் கேளுங்கள். அடுத்து, பதினொரு மாத ஒப்பந்தம் போட்டிருப்பார்களே, அதில் வாடகைத் தேதி என்னவென்று எழுதியிருக்கிறது, தாமதத்துக்கு ஏதாவது கட்டணம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் ஐந்து என்று இருக்கும், தாளில் ஏழு என்று இருக்கும். ஏழாம் தேதிக்குள் பணம் வந்துவிடும் என்றால் இந்தக் கடிதமே வேண்டாம்.

மூன்றாவதாக, வீட்டுக்காரரை அவன் நேரில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேளுங்கள். எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தாக வேண்டும். தொலைபேசியில் யாரோ அனுப்பிய குறிப்பை மொழிபெயர்க்கும்போது இது விட்டுப்போகும். ஏன் தெரிய வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. 'முடியாது' என்ற சொல்லில் நிதானியுங்கள்.

தமிழில் 'கொடுக்க முடியாது' என்று மனம் நொந்து சொல்லலாம், முரண்டு பிடித்தும் சொல்லலாம். எது என்பதைக் குரலும் சூழ்நிலையும் காட்டிவிடும். இந்தியில் இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 'நஹீன் தூங்கா' என்றால் கொடுக்க மாட்டேன். அது மறுப்பு, அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. 'நஹீன் தே ஸக்தா' என்றால் கொடுக்க இயலாது. இலக்கணப்படி சரி, புத்தகத்தில் 'முடியும்' என்பதற்கு நாம் முதலில் படிப்பதும் இந்த 'ஸக்னா'தான். அதனால் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் போய் விழுகிறார்கள். ஆனால் வாடகை விஷயத்தில் இது கதவை மூடுவதுபோல் ஒலிக்கும்: இயலாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழிதான் நமக்கு வேண்டியது: 'நஹீன் தே பாவூங்கா'. இந்த 'பானா' என்ற துணைவினை, கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் முயற்சியும் இருந்தன, நிலைமை இடம்கொடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லாமலே சொல்லிவிடும். முனிர்க்காத் தம்பியின் 'கொடுக்க முடியாது' என்பதில் இருந்த வருத்தம் முழுவதும் இந்த ஒரு வினையில் இறங்கிவிடுகிறது. கூட ஒரு மன்னிப்பு வரி சேர்ப்பதைவிட இதைச் சரியாகப் போடுவது மேல். படிக்கிறவருக்கு இந்த இடத்தில்தான் மனம் இளகும் அல்லது இறுகும்.

3. தேதியில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

'பத்தாம் தேதிக்குள்' என்பதில் 'உள்' இருக்கிறதே என்று 'தஸ் கே அந்தர்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 'அந்தர்' என்பது கால அளவோடு வரும் சொல். 'தஸ் தின் கே அந்தர்' என்றால் பத்து நாளுக்குள். ஐந்தாம் தேதி படிக்கிறவர் பத்து நாளைக் கூட்டினால் பதினைந்தாம் தேதி ஆகிவிடும். தம்பி கேட்டது ஐந்து நாள், மொழிபெயர்ப்பு கேட்டது பத்து நாள். சரியான வடிவம் '10 தாரீக் தக்'. பத்தாம் தேதியும் அதில் அடங்கும்.

'கொடுத்துடுறேன்' இரண்டாவது பள்ளம். நாம் நிகழ்காலத்தில் சொல்லி வருங்காலத்துக்கு வாக்குக் கொடுக்கிறோம். 'நாளைக்கு வந்துடுறேன்' என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை. அதே நிகழ்காலத்தை இந்திக்குக் கொண்டுபோய் '10 தாரீக் தக் தேதா ஹூன்' என்று எழுதினால், நான் வழக்கமாகப் பத்தாம் தேதிக்குள் கொடுப்பவன் என்று பொருள் வந்துவிடும். ஐந்தாம் தேதி வீட்டுக்காரருக்கு அது புதுச்செய்தியாக இருக்கும், நல்ல செய்தியாக இருக்காது. 'அபீ தேதா ஹூன்', அதாவது இதோ தருகிறேன் என்று கையோடு செய்யப்போகும் இடத்தில்தான் அந்த வடிவம் வாக்காக நிற்கும். நமக்கு வேண்டியது 'தே தூங்கா'. இதில் முதல் 'தே' கொடுப்பது. இரண்டாவதாக வரும் 'தூங்கா' நம் 'கொடுத்துவிடுவேன்' என்பதில் 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது. 'தூங்கா' என்று ஒற்றையாக நிறுத்தினால் கொடுப்பேன் என்று ஆகும். 'தே தூங்கா' என்றால் கொடுத்து முடித்துவிடுவேன் என்ற உறுதி.

மூன்றாவது, நாள்களைச் சொல்லால் குறிப்பது. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் நாளையும். 'பர்ஸோன்' என்றால் முந்தாநாளும் நாளை மறுநாளும். வினையைப் பார்த்துத்தான் எது என்று பிரிக்க வேண்டும். அவசரத்தில் வினையைத் தவறவிட்டால் 'நாளைக்கு அனுப்புகிறேன்' என்பது 'நேற்று அனுப்பினேன்' ஆகிவிடும். பண விஷயத்தில் அந்த ஆபத்து வேண்டாம். 'ரெண்டு மூணு நாள்ல' என்று தமிழில் எழுதியிருந்தாலும், எழுதியவரிடம் கேட்டு ஒரு தேதியை வாங்கி இலக்கத்தில் போடுங்கள். 'தோ சார் தின் மே' என்பதை எந்த வீட்டுக்காரரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

4. தெரிந்த முகம் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

வடமொழியிலிருந்து தமிழுக்கும் இந்திக்கும் வந்த சொற்கள் நிறைய. வழியில் அவை பொருள் மாறிவிட்டன. நம் குறிப்பில் இரண்டு இருக்கின்றன. 'அவகாசம்' நமக்குக் கூடுதல் நேரம். இந்தியில் 'அவகாஷ்' என்றால் விடுமுறை. 'தோடா அவகாஷ் தீஜியே' என்று எழுதினால் அலுவலகத்தில் லீவு கேட்பதுபோல் இருக்கும். 'சங்கடம்' நமக்குச் சின்ன மனக்கூச்சம், தொந்தரவு. இந்தியில் 'ஸங்கட்' என்றால் பேராபத்து, நெருக்கடி. ஐந்து நாள் தாமதத்துக்கு அவ்வளவு பெரிய சொல்லைப் போட்டால், அந்த வீட்டில் என்ன நடந்துவிட்டது என்று பதறிப் போன் போடுவார்கள். முதலாவதற்கு 'ஸமய்' போதும்: 'தோடா ஸமய்'. இரண்டாவதற்கு 'பரேஷானீ'. 'மோஹ்லத்' என்றும் ஒரு சொல் உண்டு, தவணை நீட்டிப்பு என்ற பொருளில். அது கடன்பட்டவன் கடன்காரரிடம் பேசும் சொல்லாக ஒலிக்கும். ஐந்து நாளுக்கு வேண்டாம்.

இதோடு சேர்ந்ததுதான் ஏட்டு இந்தி. 1918இல் சென்னையில் தொடங்கிய இந்திப் பிரசார இயக்கம்தான் பிறகு தட்சிண பாரத இந்திப் பிரசார சபாவாக வளர்ந்தது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாக அதன் தேர்வுகளை எழுதித்தான் நம்மில் பலர் இந்தி கற்றோம். அந்தப் படிப்புக்கு நன்றி சொல்கிறேன். இலக்கணம் அங்கிருந்து வந்தது. ஆனால் பாடப்புத்தக இந்தி வேறு, மாடிப்படியில் பேசும் இந்தி வேறு. 'மாஸ்', 'வேதன்', 'விலம்ப்', 'க்ருபயா' எல்லாம் சரியான சொற்களே. வீட்டுக்காரருக்கு எழுதும்போது அவை அரசு அறிவிப்புப் பலகையின் குரலைத் தந்துவிடும். 'மஹீனா', 'ஸேலரீ' அல்லது 'தன்க்வாஹ்', 'தேர்' என்று எழுதுங்கள். 'தயவுசெய்து' என்பதற்கு 'க்ருபயா' போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தத் தயவை எங்கே வைப்பது என்று அடுத்துச் சொல்கிறேன்.

5. மரியாதை வினையில் இருக்கிறது.

'ஆப்' என்று எழுதிவிட்டால் மரியாதை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தில்லித் தெருவில் 'ஆப் தே தோ' என்று பேசுவதைக் காதில் கேட்டு அப்படியே எழுதியும் விடுகிறார்கள். மேலே 'நீங்கள்', கீழே 'கொடு' என்பதுபோல் அது பாதியில் நிற்கும். பேச்சில் ஓடிவிடும், தயவு கேட்டு எழுதும் இடத்தில் உறுத்தும். 'தே தீஜியே' என்றால் கொடுங்கள். 'தே தீஜியேகா' என்றால் இன்னும் ஒரு படி மென்மை: இப்போதே என்று நெருக்காமல், உங்கள் சௌகரியப்படி கொடுத்தால் நல்லது என்ற தொனி. நம் 'குடுங்க' என்பதற்கும் 'குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்' என்பதற்கும் உள்ள தூரம் அந்தக் கடைசி 'கா'வில் இருக்கிறது. 'தயவுசெய்து' இங்கே வந்து உட்கார்ந்துவிடும்.

அழைக்கும் சொல்லைப் பற்றி. 'ஐயா' என்பதற்கு 'ஶ்ரீமான்' போடுவது விண்ணப்பக் கடிதத்துக்குப் பொருந்தும். வயதான வீட்டுக்காரரைத் தில்லிப் பிள்ளைகள் 'அங்கிள் ஜி' என்பார்கள், அவர் மனைவியை 'ஆன்ட்டி ஜி' என்பார்கள். நாற்பதை ஒட்டியவர் என்றால் 'பாயீ ஸாஹப்' சரியாக இருக்கும். தம்பி நேரில் எப்படி அழைக்கிறானோ அதையே எழுதுங்கள். தினம் 'அங்கிள் ஜி' என்றவன் திடீரென்று வேறு சொல்லுக்கு மாறினால் ஏதோ வழக்குக்குத் தயாராகிறான் என்று தோன்றும். சீக்கியக் குடும்பம் என்றால் 'ஸத் ஸ்ரீ அகால்' என்று தொடங்குவது அவர்களுக்குப் பிடிக்கும். மற்றபடி 'நமஸ்தே' எங்கும் செல்லும்.

6. எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்று ஏன் கேட்கச் சொன்னேன்?

தமிழில் 'கொடுப்பேன்' என்று ஆணும் சொல்வான், பெண்ணும் சொல்வாள். இந்தியில் தன்மை வினையே பால் காட்டும். ஆண் 'தே தூங்கா', பெண் 'தே தூங்கீ'. ஆண் 'மாஃபீ சாஹ்தா ஹூன்', பெண் 'சாஹ்தீ ஹூன்'. ஆண் ஒருவர் பெண்ணுக்காக மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது தன் வழக்கத்தில் 'தூங்கா' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. படித்த உடனே, இது அவள் எழுதியதில்லை, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வினையின் முடிவிலும் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள்.

7. காரணத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சம்பளம் வரவில்லை என்று எழுதியிருந்தால் சம்பளம் வரவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அழுத்தமாக இருக்கட்டும் என்று ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் சேர்த்தால், மறுநாள் படியில் பார்த்து 'மாதா ஜி கைஸீ ஹைன்?' என்று வீட்டுக்காரர் விசாரிப்பார். தம்பிக்கு ஒன்றும் புரியாது. அதேபோல் பணிவு போதாதோ என்று காலில் விழும் வரிகளையும் சேர்க்கக் கூடாது. ஒழுங்காக வாடகை கொடுத்து வருகிறவன், ஒரு மாதம் மட்டும் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்கிறான். அந்தக் கௌரவம் இந்தியிலும் அவனுக்கு இருக்க வேண்டும். ஒரு மன்னிப்பு போதும்.

8. இனி முழுக் குறிப்பு. கேட்டதில் ஜூலை மாத வாடகை என்றான் தம்பி.

"நமஸ்தே அங்கிள் ஜி. இஸ் பார் மேரீ ஸேலரீ ஆனே மே தேர் ஹோ ரஹீ ஹை, இஸ்லியே ஜூலாயீ கா கிராயா 5 தாரீக் கோ நஹீன் தே பாவூங்கா. 10 தாரீக் தக் பூரா கிராயா தே தூங்கா. தோடா ஸமய் தே தீஜியேகா. பரேஷானீ கே லியே மாஃபீ சாஹ்தா ஹூன்."

'பூரா' என்ற சொல் தமிழில் இல்லையே என்று கேட்கலாம். தம்பியிடம் கேட்டு, முழுத் தொகையும் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்று அவன் உறுதி சொன்ன பிறகே சேர்த்தேன். வீட்டுக்காரர் மனதில் எழும் முதல் கேள்வி அது. பாதியை இப்போதே தர முடியும் என்றிருந்தால், 'ஆதா கிராயா ஆஜ் பேஜ் ரஹா ஹூன், பாக்கீ 10 தாரீக் தக்' என்று எழுதியிருப்பேன்.

எழுதி முடித்ததும் இந்தியைப் பார்த்துக்கொண்டே வாயால் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். "ஜூலை வாடகையை அஞ்சாம் தேதி குடுக்க இயலாமப் போயிடும், பத்தாம் தேதிக்குள்ள முழுசாக் குடுத்துடுவேன்." தம்பி தலையாட்டினால் அனுப்பலாம். மூன்றாம் தேதியே அனுப்புவது நல்லது. ஐந்தாம் தேதி இரவு போனால் எத்தனை 'தீஜியேகா' போட்டாலும் தாமதம்தான் முதலில் தெரியும்.

9. பதிலையும் நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டிவரும்.

'கோயீ பாத் நஹீன்' என்று வந்தால் 'பரவாயில்லை' என்கிறார். '10 கோ பக்கா?' என்று வந்தால் பத்தாம் தேதி உறுதிதானே என்று கேட்கிறார். 'ஜீ, பக்கா' என்று பதில் போடுங்கள். பலர் பயந்துபோவது 'டீக் ஹை, தேக் லேனா' என்ற பதிலுக்கு. 'தேக்னா' என்றால் பார்ப்பது என்று தெரிந்தவர்கள், 'சரி, பார்த்துக்கோ' என்று மிரட்டுகிறார் என எடுத்துக்கொள்கிறார்கள். சொன்ன தேதியில் முடித்துவிடு, கவனம் வைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். தம்பியிடம் 'சரிங்கறார், பத்தாம் தேதி தவறாமப் பாத்துக்கச் சொல்றார்' என்று சொல்லுங்கள். அதே சொல்லோடு குரல் தடித்து வேறு வரிகளும் சேர்ந்து வந்தால் அப்போது வேறு விதமாக யோசிக்கலாம்.

10. பணம் போன அன்று ஒரு வரி.

'அங்கிள் ஜி, மைன்னே கிராயா பேஜ் தியா ஹை, தேக் லீஜியேகா. தன்யவாத்.' வாடகை அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள், நன்றி. இதில் ஆறாவது அறிவுரையை நம்பி, அனுப்பியவர் பெண் என்றால் 'பேஜ் தீ ஹை' என்று எழுதிவிடாதீர்கள். இறந்தகாலத்தில் எழுவாயோடு 'நே' வந்துவிட்டால் வினை, செய்தவரை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு போய்ச் சேரும். 'கிராயா' ஆண்பால் சொல். ஆகவே பெண் அனுப்பினாலும் 'தியா'தான்.